ஏடு குறைந்தால் பாலில் தண்ணீர் என்று அர்த்தமா?

*ஐயா, எங்கள் வீடு தக்கலை பக்கம். அடுத்த வீட்டு அக்காவிடம் ஆறு வருடமாகத் தினம் ஒரு லிட்டர் பசும்பால் வாங்குகிறேன். பாதியைக் காய்ச்சாமல் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் மூன்று விரல் கனத்துக்கு மஞ்சளாக ஏடு நிற்கும். அதைச் சேர்த்து வெண்ணெய் எடுப்போம். மாசியில் மாடு வற்றிவிட்டது. சித்திரையில் ஈன்று, வைகாசியிலிருந்து மறுபடி பால் தருகிறார். இப்போது ஏடு ஒரு விரல்கூட இல்லை. நான் வேலைக்குப் போகத் தொடங்கியதால் ஆறு மணிக்கு வரும் பாலை மாமியார்தான் ஒன்பது, பத்து மணிக்கு பிரிட்ஜில் வைக்கிறார். அக்கா தண்ணீர் ஊற்றுகிறார் என்பது அவருடைய முடிவு. இடையில் இரண்டு மாதம் ‘ஹோமோஜெனைஸ்டு’ பாக்கெட் பால் வாங்கினோம். அதில் ஏடே கட்டவில்லை, தயிரைக் கடைந்தும் வெண்ணெய் திரளவில்லை. இப்போதும் பால் போதாத நாளில் இரண்டையும் கலந்து பிரிட்ஜில் வைப்பேன். சாயங்காலம் எடுத்தால் சோப்புக் கரைசல் மாதிரி கசக்கிறது. சோப்புத்தூள் கலப்படமா? இயந்திரத்தில் உடைத்த கொழுப்பு நேராக ரத்தத்தில் கலந்து இதயத்தைக் கெடுக்கும் என்று வாட்ஸாப்பில் வந்தது. மாமனாருக்கு இதய நோய் இருக்கிறது. மூன்று வயது மகனுக்குக் கறந்த பாலை அப்படியே கொடுத்தால் சத்து என்கிறார்கள். அக்கா மேல் புகார் கொடுக்கலாமா? எந்தப் பாலை வாங்குவது?*

சகோதரி, முதலில் ஒரு வேண்டுகோள். அடுத்த வீட்டில் இது பற்றி இன்னும் பேசவில்லை என்றால், ஒரு வாரம் பேசாமல் இருங்கள். ஏடு குறைந்ததற்குத் தண்ணீரைத் தவிர வேறு காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. பால் பண்ணையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏட்டின் கனத்தை வைத்துப் பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று என்னாலும் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பது புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

ஏடு எப்படி மேலே வருகிறது

பாலில் கொழுப்பு கரைந்து கிடக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. பசும்பாலில் ஒரு உருண்டையின் குறுக்களவு சராசரியாக மூன்று, நான்கு மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கொழுப்பு மற்றப் பாலைவிட இலேசானது, அதனால் மேலே ஏறுகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சிக்கல் வரும். குளிர்ந்த பாலில் நான்கு மைக்ரான் உருண்டை ஒன்று தனியாக ஏறினால், மணிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் போகும். பாட்டிலின் அடியிலிருந்து மேலே வரப் பல நாள் ஆகும். உங்கள் பாட்டிலிலோ ஒரே ராத்திரியில் ஏடு கட்டிவிட்டது. அது எப்படி?

உருண்டைகள் தனித்தனியாக ஏறுவதில்லை என்பதுதான் விடை. பசும்பாலில் நோய் எதிர்ப்புக்கான ஒரு வகைப் புரதம் உண்டு. பால் குளிரும்போது அது கொழுப்பு உருண்டைகளின் மேல் போய் ஒட்டி, பக்கத்து உருண்டையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. திராட்சைக் குலை மாதிரி நூற்றுக்கணக்கான உருண்டைகள் ஒன்றாகத் திரள்கின்றன. ஏறும் வேகம் குறுக்களவின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அகலம் இரண்டு மடங்கானால் வேகம் நான்கு மடங்கு, பத்து மடங்கானால் நூறு மடங்கு. குலை குலையாக ஏறுவதால்தான் ஒரு ராத்திரியிலேயே கோடு போட்டது போல ஏடு நிற்கிறது.

எருமைப் பாலைப் பாருங்கள். கொழுப்பு பசும்பாலைவிட அதிகம், உருண்டையும் பெரிது. ஆனாலும் காய்ச்சாத எருமைப் பாலில் ஏடு மெதுவாகத்தான் கட்டும், ஏனென்றால் அதில் இப்படிக் குலை கட்டுவது கிடையாது. ஆக, ஏடு எவ்வளவு நிற்கிறது என்பதில் பாலில் எவ்வளவு கொழுப்பு என்பது பாதிக் கதைதான். அந்தக் குலை கட்டியதா, எவ்வளவு தளர்வாகக் கட்டியது என்பது மீதிக் கதை.

இங்கே இன்னொன்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடை வேறு, பச்சைப் பாலில் நிற்கும் ஏடு வேறு. ஏடு என்பது மேலே ஏறித் திரண்ட கொழுப்பு உருண்டைகள். ஆடையோ, சூடான பாலின் மேல்பரப்பு காற்றில் உலரும்போது புரதம் தோல் போலக் கட்டி, அதில் கொழுப்பும் சிக்கிக்கொண்டது. கொதித்த பாலில் அந்த ஒட்டும் புரதம் கெட்டுவிடும். அதனால்தான் காய்ச்சி ஆறிய பாலை பிரிட்ஜில் வைத்தால் பழைய மாதிரி கோடு விழாது.

உங்கள் பாட்டிலில் என்ன நடந்திருக்கலாம்

மாசி வரை உங்களுக்கு வந்தது வற்றும் காலத்துப் பால். கறவை முடியும் சமயத்தில் பால் அளவு குறையும், கொழுப்பு ஏறும். இப்போது வருவது ஈன்று இரண்டு மூன்று மாதமான மாட்டின் பால். மாடு அதிகமாகக் கறக்கும் காலம் இதுதான், கொழுப்பு விகிதம் மிகவும் கீழே இறங்கும் காலமும் இதுதான். ஒரே மாடு, ஒரே தீவனம் என்றாலும் இந்த வித்தியாசம் வரும்.

அடுத்தது கன்று. மடியிலிருந்து முதலில் வரும் பால் நீர்த்திருக்கும், கடைசியில் வருவதில் கொழுப்பு பல மடங்கு இருக்கும். கன்று சின்னதாக இருக்கும்போது கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். மாசியில் கன்று இல்லை, எல்லாமே கறந்து உங்களுக்கு வந்தது. இப்போது மடியிலேயே இருக்கும் அந்த ஏட்டைக் கன்று குடிக்கிறது. அதில் அக்காவின் தப்பு ஒன்றும் இல்லை.

மூன்றாவது, உங்கள் வீட்டுத் திண்ணை. முன்பு கறந்த சூட்டோடு நேரே பிரிட்ஜுக்குப் போனது. வேகமாகக் குளிர்ந்தால் குலைகள் தளர்வாக, நிறைய பாலையும் இடையில் பிடித்துக்கொண்டு ஏறும். அதனால் ஏடு உயரமாக நிற்கும். இப்போது மூன்று நான்கு மணி நேரம் வெளியே இருந்துவிட்டு மெதுவாகக் குளிர்கிறது. குலை சரியாகக் கட்டாமல் கொழுப்பு நெருக்கமாக, குறுகிய அடுக்காகப் படியும். அதே கொழுப்பு, ஆனால் ஒரு விரல். இதில் ஏட்டைவிடப் பெரிய கவலை வேறு: நம்மூர்ச் சூட்டில் காய்ச்சாத பால் இவ்வளவு நேரம் வெளியே இருக்கவே கூடாது.

அக்கா கேனிலிருந்து மொண்டு ஊற்றுகிறாரா என்றும் கவனியுங்கள். கேன் அரை மணி நேரம் நின்றால் மேல்பால் கொழுத்திருக்கும், அடிப்பால் நீர்த்திருக்கும். முன்னால் போனவருக்கு ஏடு, பின்னால் போனவருக்கு மிச்சம். ஊற்றுமுன் ஒரு முறை அடிவரை கலக்கச் சொன்னால் போதும்.

தண்ணீரைக் கண்டுபிடிக்கும் சரியான வழி

உங்கள் பக்கத்துப் பால் சொசைட்டியில் கொழுப்பும், எஸ்.என்.எஃப். என்று சொல்லும் கொழுப்பு அல்லாத திடப்பொருளும் பார்ப்பார்கள். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

ஒரு கணக்கு பார்ப்போம். மாசியில் அந்தப் பாலில் கொழுப்பு 4.5 சதவீதம், எஸ்.என்.எஃப். 8.6 என்று வைத்துக்கொள்வோம். இப்போது கொழுப்பு 3.6 என்று வருகிறது. இது தண்ணீரால் வந்தது என்றால், ஒரு லிட்டரில் 800 மில்லிதான் பால், 200 மில்லி தண்ணீர். தண்ணீர் கொழுப்பை மட்டும் குறைக்காது, எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைக்கும். எஸ்.என்.எஃப். 8.6-லிருந்து 6.9-க்கு விழுந்திருக்க வேண்டும். மாறாக, கொழுப்பு 3.6, எஸ்.என்.எஃப். 8.4 என்று வந்தால் அது மாடும் கன்றும் செய்த வேலை. பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு விதிகள் கேட்பது குறைந்தது 3.2 கொழுப்பும் 8.3 எஸ்.என்.எஃப்.பும்தான். அந்தப் பால் சட்டப்படியும் நல்ல பால்.

பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீர் சேர்த்தால் அது கீழ் அளவைக் காட்டும், ஏட்டை எடுத்துவிட்டால் மேல் அளவைக் காட்டும். கொஞ்சம் ஏட்டை எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் ஒன்றும் நடக்காதது போல நடுவில் நிற்கும். அதற்காகத்தான் கொழுப்பையும் பார்ப்பது.

மாதிரி எடுக்கும்போது, பால் வந்தவுடன் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நாலைந்து முறை மாற்றி ஊற்றிவிட்டு, சின்ன பாட்டிலில் எடுத்து உடனே கொண்டுபோங்கள். பிரிட்ஜில் ஏடு கட்டிய பாட்டிலின் மேல்பாலையோ அடிப்பாலையோ கொண்டுபோனால் எண் பொய் சொல்லும். இரண்டு மூன்று நாள் காலைப் பாலையே பாருங்கள். காலைக்கும் மதியத்துக்கும் கறக்கும் இடைவெளி வேறு என்பதால் கொழுப்பும் வேறாகத்தான் வரும். முடிந்தால் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். “மாடு ஈன்ற பிறகு கொழுப்பு எப்படி இருக்குன்னு பார்ப்போமா அக்கா” என்று கேட்டால் அதில் சண்டைக்கு இடமில்லை. அந்த எண் அவருக்கும் தீவனம் போட உதவும்.

எஸ்.என்.எஃப். திரும்பத் திரும்ப 8-க்கு வெகுவாகக் கீழே வந்தால் அப்புறம் நேராகப் பேசுங்கள். பேசியும் சரியாகவில்லை என்றால் உங்களுக்கு உரிமை உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன் 40-ஆவது பிரிவுப்படி, வாங்குபவர் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதித்து அறிக்கை வாங்கலாம். ஆனால் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொசைட்டியில் பார்த்த எண் உங்கள் தெளிவுக்கு. சட்டப்படி நிற்பது அந்த அறிக்கை. நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நடைமுறையைச் சொல்வார்கள். எண்ணைப் பார்க்கும் முன்னே அங்கே போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

பாக்கெட் பாலில் ஏடு எங்கே போனது

எங்கும் போகவில்லை, பாலுக்குள்ளேயே இருக்கிறது. ஹோமோஜெனைஸ் செய்வது என்றால் எந்த ரசாயனமும் சேர்ப்பது இல்லை. அறுபது, எழுபது டிகிரிக்குச் சூடாக்கிய பாலை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 முதல் 200 கிலோ அழுத்தத்தில், தாளின் கனமே உள்ள இடுக்கு வழியாகப் பாய்ச்சுவார்கள். கார் டயரில் இருப்பது இரண்டு கிலோ சொச்சம்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு என்று தெரியும். பிரான்சில் ஒகுஸ்த் கோலன் என்பவர் 1899-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அடிப்படை யோசனை இன்றைக்கும் அதுதான்.

அந்த இடுக்கில் கொழுப்பு உருண்டை கிழிந்து சிதறுகிறது. நான்கு மைக்ரான் உருண்டை அரை மைக்ரான் துண்டுகளானால், ஒன்றிலிருந்து ஐந்நூற்றுச் சொச்சம் துண்டுகள் வரும். ஏறும் வேகம் அறுபதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். குலை கட்டும் அந்தப் புரதமும் இந்த அழுத்தத்தில் தன் வேலையை இழந்துவிடும். அது மட்டுமில்லை. உருண்டைக்கு இயற்கையில் ஒரு மெல்லிய உறை உண்டு. துண்டானதும் மேல்பரப்பு எட்டு மடங்காகிவிடுகிறது, பழைய உறை போதாது. உடனே பாலில் உள்ள புரதம் போய் அந்த இடத்தை மூடிக்கொள்கிறது. புரதம் கனமானது என்பதால் துண்டு இன்னும் மெதுவாகத்தான் ஏறும்.

நீங்கள் மத்து போட்டும் வெண்ணெய் திரளாததற்கு இந்தப் புரதச் சட்டைதான் காரணம். கடையும்போது உறை கிழிந்து கொழுப்போடு கொழுப்பு ஒட்டினால்தான் வெண்ணெய். அரை மைக்ரான் துண்டு, மேலே தடித்த புரதம் என்றால் ஒன்றோடொன்று ஒட்டாது. எவ்வளவு நேரம் கடைந்தாலும் நுரைதான் வரும். பாலில் கொழுப்பு இல்லை என்று அர்த்தமில்லை. பாக்கெட்டில் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அவ்வளவும் உங்கள் மோரில் இருக்கிறது.

மாமனாரைப் பற்றிய பயத்துக்கு வருவோம். உடைத்த கொழுப்பு ஒரு நொதியை ரத்தத்துக்குள் கொண்டுபோய் ரத்தக் குழாயைக் கெடுக்கிறது என்று 1970-களில் கர்ட் ஆஸ்டர் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்னார். பின்னால் நடந்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. கொழுப்பு எந்த அளவில் உள்ளே போனாலும் குடலில் பித்தநீர் அதைச் சிறு துளிகளாக்கி, நொதிகள் உடைத்த பிறகுதான் உடம்பில் சேரும். அவருக்குப் பார்க்க வேண்டியது உருண்டையின் அளவை அல்ல, கொழுப்பின் மொத்தத்தை. டோன்டு பாலில் 3 சதவீதம், டபுள் டோன்டில் 1.5, ஸ்டாண்டர்டைஸ்டில் 4.5, ஃபுல் கிரீமில் 6. இதய நோய் உள்ளவருக்கு எது என்பதை அவருடைய மருத்துவரிடம் இந்த எண்களைச் சொல்லிக் கேளுங்கள். அக்காவின் பாலும் டோன்டு பாலைவிடக் கொழுத்ததுதான் என்பதையும் சொல்லுங்கள்.

அந்தச் சோப்புக் கசப்பு

இதைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. நான் வேலை பார்த்த ஒரு பண்ணையில் விற்காமல் திரும்பி வந்த ஹோமோஜெனைஸ்டு பாலை, வீணாகக் கூடாது என்று யாரோ பச்சைப் பால் தொட்டியில் ஊற்றிவிட்டார்கள். காலையில் நன்றாக இருந்த தொட்டி, மாலையில் நாக்கில் வைக்க முடியாத கசப்பு. எல்லோரும் தொட்டி கழுவிய சோடாதான் மிச்சம் என்று நினைத்தோம். குழாயை எல்லாம் மறுபடி கழுவினோம். காரணம் அது இல்லை.

பச்சைப் பாலில் கொழுப்பை உடைக்கும் ஒரு நொதி இயற்கையாகவே உண்டு. உருண்டையின் பழைய உறை கிழியாத வரை அதனால் உள்ளே நுழைய முடியாது. காய்ச்சினால் அது செத்துவிடும். பாக்கெட் பாலில் சூடாக்கியதால் நொதி இல்லை, ஆனால் பழைய உறை போன கொழுப்பு இருக்கிறது. பச்சைப் பாலில் நொதி இருக்கிறது, உறையும் இருக்கிறது. தனித்தனியே வைத்தால் இரண்டும் பத்திரம். கலந்தால், பச்சைப் பாலின் நொதி பாக்கெட் பாலின் கொழுப்பைத் தின்னத் தொடங்குகிறது. பிரிட்ஜில் வைத்தாலும் நிற்காது. அதில் வெளிவரும் கொழுப்பு அமிலங்கள்தான் அந்தச் சோப்பு வாடையும் கசப்பும்.

ஆக, இரண்டையும் கலப்பதாக இருந்தால் அக்காவின் பாலை முதலில் கொதிக்கவைத்து ஆற்றுங்கள், அப்புறம் சேருங்கள். சந்தேகம் தீர வேண்டும் என்றால் ஒரு நாள் மூன்று தம்ளரில் அக்காவின் பால், பாக்கெட் பால், இரண்டும் கலந்தது என்று தனித்தனியாக பிரிட்ஜில் வைத்து, சாயங்காலம் மோந்து பாருங்கள். கலந்த தம்ளரில் மட்டும் வாடை வந்தால் சோப்புத்தூள் பேச்சை விட்டுவிடலாம். சோப்புத்தூள் இருந்தால் பாலோடு சம அளவு தண்ணீர் சேர்த்துப் பலமாகக் குலுக்கும்போது கெட்டியான நுரை பொங்கி, அடங்காமல் நிற்கும். சுத்தமான பாலிலும் மெல்லிய நுரை வரும், அது சீக்கிரம் அடங்கிவிடும்.

மகனுக்கும் வெண்ணெய்க்கும்

கறந்த பாலை அப்படியே குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். இதில் இரண்டு பக்கமும் பேச எனக்கு ஒன்றும் இல்லை. வெளியே நோய் தெரியாத மாட்டின் பாலிலிருந்தும் காசநோய், விட்டுவிட்டுக் காய்ச்சல் தரும் புருசெல்லோசிஸ் போன்றவை வரலாம். பச்சைப் பாலில் கூடுதலாகக் கிடைக்கும் சத்து என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. பொங்கி வந்ததும் அடுப்பைக் குறைத்து, கலக்கிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டுக் கொடுங்கள். பாக்கெட் பாலும் மூன்று வயதுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஏடு கட்டாததால் அவனுக்கு ஒரு குறையும் வராது.

வெண்ணெய்க்கு அக்காவின் பால்தான் சரி, ஆனால் வழியை மாற்றுங்கள். பச்சை ஏட்டைப் பல நாள் சேர்க்க வேண்டாம். அது கிருமியையும் சேர்த்து வைப்பது. பால் வந்தவுடன் முழுவதையும் காய்ச்சி, அகலமான பாத்திரத்தில் ஆறவிட்டு, மூடி பிரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். கோடு போட்டது போல நிற்காவிட்டாலும் ஆடையும் அதன் கீழே ஏறிய கொழுப்பும் சேர்ந்து எடுக்கும் அளவுக்கு இருக்கும். நாலைந்து நாள் ஆடையைச் சேர்த்து உறைமோர் விட்டு, புளித்ததும் பிரிட்ஜில் குளிரவைத்து, ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கடையுங்கள். சூடாக இருந்தால் வெண்ணெய் இளகி மோரோடு போய்விடும். கொழுப்பு 3.6 இருக்கும் பாலில் ஒரு லிட்டருக்குச் சுமார் 37 கிராம் கொழுப்பு. ஒரு துளி விடாமல் எடுத்தால்கூட 45 கிராம் வெண்ணெய்தான் வரும், ஆடையில் எடுக்கும்போது அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். மாசி மாதத்து அளவை இப்போது எதிர்பார்க்க வேண்டாம். கன்று பெரிதாகி, பால் அளவு இறங்கும்போது கொழுப்பு மெல்ல மெல்ல ஏறும்.

ஒன்பது மணி வரை பாலைத் திண்ணையில் வைக்காமல், ஆறு மணிக்கு வந்த கையோடு அடுப்பில் வைக்க மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். சொசைட்டியில் மூன்று நாள் பார்த்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள், அதை வைத்து மேலே என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.